பிரிட்ஜ் கதவு ரப்பர்: எங்கே கசிகிறது என்று கண்டுபிடித்து மாற்றும் வழி

பிரிட்ஜ் கதவின் உள்விளிம்பைச் சுற்றி ஓடும் மென்மையான பட்டைதான் கேஸ்கட். கடையில் கதவு ரப்பர் என்று கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். வீட்டுப் பிரிட்ஜ்களில் அது பெரும்பாலும் ரப்பர் இல்லை, மென்மையாக்கிய பிவிசி. அதற்குள்ளே நீளவாக்கில் ஒரு காந்தப் பட்டை செருகியிருக்கும். கதவை மூடும்போது காந்தம் எதிரே இருக்கும் இரும்புச் சட்டத்தை நோக்கி இழுக்கும், பட்டையில் உள்ள மடிப்பு விரிந்துகொடுக்கும், இரண்டும் சேர்ந்து இடைவெளியை அடைத்துவிடும்.

அப்படியென்றால் காற்று கசியாமல் இருக்க மூன்று விஷயங்கள் சரியாக இருக்க வேண்டும். மடிப்பு வளைந்துகொடுக்க வேண்டும். காந்தம் இழுக்க வேண்டும். எதிரே இருக்கும் இரும்பு சமமாகவும் வழவழப்பாகவும் இருக்க வேண்டும். முதல் இரண்டும் கேஸ்கட்டில் இருக்கின்றன, மூன்றாவது பிரிட்ஜின் உடலில் இருக்கிறது. கடலூர் தேவனாம்பட்டினத்திலோ புதுச்சேரி வைத்திக்குப்பத்திலோ கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் வீடுகளில் கெட்டுப்போவது பல நேரம் இந்த மூன்றாவதுதான். உப்புக்காற்றில் சட்டம் துருப்பிடித்து, பெயின்ட் கொப்புளித்து நிற்கும். அதைக் கவனிக்காமல் புது கேஸ்கட் மாட்டினால் கசிவு அப்படியே தொடரும், ரப்பரே போலி என்று கடைக்காரர்மீது பழி விழும். அதனால் இந்த வழிமுறையில் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கசிவு ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது என்பதற்கு நம் ஊர்க் காற்றே காரணம். 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் இருக்கும் நாளில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் தண்ணீர் ஆவியாகக் கலந்திருக்கும். அதே காற்று 5 டிகிரிக்குக் குளிர்ந்தால் சுமார் 7 கிராம்தான் அதில் தங்கும். மீதி 17 கிராம் உள்ளே எங்கேயாவது நீராகவோ ஐஸாகவோ படிந்தாக வேண்டும். காற்றைக் குளிர்விப்பது ஒரு வேலை என்றால், அந்த ஆவியை நீராக்குவதும் கம்ப்ரசர் தலையில்தான் விழுகிறது. மெல்லிய கசிவுதான் என்றாலும் இடைவிடாமல் உள்ளே வந்தால் கெடுதலாக இருப்பது இதனால்தான்.

இனி அறிகுறிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மோட்டார் நிற்காமல் ஓடுகிறது

முதலில் உங்கள் பிரிட்ஜ் இன்வெர்ட்டர் கம்ப்ரசர் வகையா என்று பாருங்கள். கதவில் ஒட்டிய ஸ்டிக்கரில் பெரும்பாலும் எழுதியிருக்கும். இன்வெர்ட்டர் வகை குறைந்த வேகத்தில் நீண்ட நேரம் ஓடிக்கொண்டே இருக்கும்படிதான் வடிவமைக்கப்பட்டது. அதில் இந்த அறிகுறிக்கு அர்த்தம் குறைவு. பழைய சாதாரண கம்ப்ரசர் என்றால், ஓடி நின்று மறுபடி ஓட வேண்டும். மே மாத வெயிலில் ஓடும் நேரம் கூடுவது இயல்பு. ஆனால் யாரும் கதவைத் தொடாத நள்ளிரவிலும் நிற்கவே இல்லை என்றால் எங்கோ சிக்கல்.

இந்த இடத்தில்தான் "கேஸ் போயிடுச்சு" என்ற பேச்சு வரும். கேஸ் குறைந்ததையும் கதவு கசிவதையும் வீட்டிலேயே ஓரளவு பிரித்துப் பார்க்கலாம். ஃப்ரீசரில் தண்ணீர் வைத்தால் ஐஸ் கட்டி நன்றாக இறுகுகிறதா? இறுகினால் குளிர் உற்பத்தியாகிறது, ஆனால் எங்கோ வீணாகிறது என்று பொருள். கேஸ் குறைந்திருந்தால் ஐஸ் சரியாகக் கட்டாது, பனியைத் தானாக உருக்காத டைரக்ட் கூல் பிரிட்ஜில் ஃப்ரீசர் பெட்டியின் ஒரு பகுதியில் மட்டும் பனி படிந்து மற்ற பகுதி வெறுமையாக இருக்கும். ஐஸ் கெட்டியாக இருக்கும்போது கேஸ் நிரப்பச் சம்மதிக்கும் முன் கதவைச் சோதித்துவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. கதவை மூடிய பிறகும் உள்ளே பல்பு எரிந்துகொண்டிருந்தால் அதுவே ஒரு சூடு. கதவுச் சட்டத்தில் இருக்கும் சிறு ஸ்விட்சை விரலால் அழுத்திப் பாருங்கள், விளக்கு அணைய வேண்டும். விரலால் அழுத்தினால் அணைகிறது, ஆனால் கதவு மூடியபின் உள்ளே வைத்த செல்போன் வீடியோவில் வெளிச்சம் தெரிகிறது என்றால், கதவு முழுவதும் உள்ளே போய் உட்காரவில்லை.

கதவோரம் வேர்க்கிறது

ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பக்கம் பிரிட்ஜ் வேர்க்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். எனவே வேர்வையைப் பார்த்தவுடன் ரப்பரைக் குறை சொல்ல வேண்டாம். வேர்வை எப்படிப் பரவியிருக்கிறது என்பதைப் பாருங்கள். கதவின் முகம் முழுக்க, சட்டம் முழுக்க ஒரே சீராக மெல்லிய ஈரம் என்றால் அது வெளிக்காற்றின் ஈரப்பதம். ஒரு மூலையில் மட்டும், அல்லது ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் துளித்துளியாக நின்று கீழே வழிகிறது என்றால் அந்த இடத்தில் உள்குளிர் வெளியே வந்து இரும்பைக் குளிர்விக்கிறது. துடைத்துவிட்டுச் சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். அதே இடத்தில் மறுபடி வந்தால் அங்கே பென்சிலால் ஒரு குறி வையுங்கள்.

கதவைத் திறந்து சட்டத்தைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறதே என்று சிலர் பயப்படுவார்கள். அது பழுதில்லை. வேர்க்காமல் இருக்கவே பல பிரிட்ஜ்களில் கம்ப்ரசரிலிருந்து வரும் சூடான குழாயைச் சட்டத்துக்குப் பின்னால் ஓடவிட்டிருப்பார்கள். இந்தக் குழாயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், துரு சுரண்டும்போது இது முக்கியம்.

ஐஸ் கட்டுகிறது, எங்கே என்பதுதான் கேள்வி

கதவுப் பக்கமாக, ஃப்ரீசரின் வாயோரத்தில், கேஸ்கட்டின் ஒரு மூலைக்கு நேர் எதிரே பஞ்சு போன்ற வெண்பனி திரண்டால் அந்த மூலையில் காற்று உள்ளே வருகிறது. ஈரக்காற்று முதலில் எதைத் தொடுகிறதோ அங்கே பனியைக் கொட்டிவிட்டுத்தான் மேலே போகும்.

பனியைத் தானாகவே உருக்கிக்கொள்ளும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ பிரிட்ஜில் பின்சுவரில் பனி பாளமாகக் கட்டி, கீழ்ப்பகுதிக்குக் குளிர் இறங்காமல் இருந்தால் பெரும்பாலும் அது பனி உருக்கும் ஹீட்டர் அல்லது அதன் சென்சார் சம்பந்தப்பட்டது. கேஸ்கட் மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது. டைரக்ட் கூல் வகையில் ஃப்ரீசர் பெட்டியில் ஓரளவு பனி படிவது இயல்பு, ஆனால் பனியைக் கரைத்த சில நாட்களிலேயே மறுபடி விரல் பருமன் கட்டினால் கதவைச் சந்தேகிக்கலாம். மீன் வாங்கி அடுக்கும் வீடுகளில் இன்னொரு தடயம் கிடைக்கும்: பொட்டலங்களின் மேல் தூள் தூளாகப் பனி படிந்திருக்கும்.

கதவு ஒட்டவில்லை, தானாகத் திறந்துகொள்கிறது

இது பல நேரம் ரப்பரே இல்லை. காய்கறிப் பெட்டி முழுவதும் உள்ளே போகாமல் கதவைத் தடுக்கும். கதவு அடுக்கில் இரண்டு லிட்டர் பாட்டில்களை வரிசையாக வைத்தால் கதவு தொங்கும். பிரிட்ஜ் முன்பக்கம் சாய்ந்து நின்றால் கதவு திறக்கவே பார்க்கும். முன்கால்களைத் திருகி, முன்பக்கத்தை ஒரு கொஞ்சம் உயர்த்திவிட்டால், பாதி திறந்த கதவு தன் எடையிலேயே மெல்ல மூடிக்கொள்ளும். அப்படி மூடினால் சரியான சாய்வு வந்துவிட்டது.

கதவைப் பாதி திறந்து கைப்பிடிப் பக்கம் மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். மேலும் கீழும் ஆடினால் கீல் முனையில் இருக்கும் நைலான் புஷ் என்ற வளையம் தேய்ந்திருக்கிறது. அது சிறிய பாகம், தனியே மாற்றலாம். கதவு இறங்கியிருக்கும்போது புது கேஸ்கட் மாட்டினால் அதுவும் கீழ்மூலையில் உரசி, சீக்கிரமே கிழியும்.

பத்து ரூபாய் நோட்டும் டார்ச்சும்

காரணம் எதுவானாலும் இந்த இரண்டு சோதனைகளைச் செய்யாமல் கடைக்குப் போக வேண்டாம்.

ஒரு நோட்டைப் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் இருக்கும்படி கதவிடுக்கில் வைத்து மூடுங்கள். மெல்ல இழுங்கள். நன்றாக உட்கார்ந்த இடத்தில் நோட்டு இழுத்துப் பிடித்தபடி வரும். கசியும் இடத்தில் வழுக்கிக்கொண்டு வந்துவிடும், சில நேரம் தானாகவே கீழே விழும். ஒரு இடத்தில் பார்த்துவிட்டு நிறுத்தக் கூடாது. கைப்பிடிப் பக்கம் மேலிருந்து கீழ்வரை, பிறகு அடிப்பக்கம், கீல் பக்கம், மேல்பக்கம் என்று ஒரு சாண் இடைவெளியில் சுற்றி வாருங்கள். நான்கு மூலைகளையும் தனியே பாருங்கள். தளர்ந்த இடங்களைக் கதவின் வெளியே சிறு டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டால் முடிவில் ஒரு வரைபடமே கிடைத்துவிடும்.

டார்ச் சோதனை இரவில். எரியும் டார்ச்சை உள்ளே நடுத்தட்டில் கதவைப் பார்த்தபடி வைத்து, சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, கதவைச் சுற்றிக் கண்ணை ஓட்டுங்கள். கோடாக வெளிச்சம் தெரிந்தால் அங்கே காற்றும் போகும். அடிப்பக்கத்துக்குக் குனிந்து பார்க்க வேண்டும், பலரும் விட்டுவிடுவது அதைத்தான். வெளிச்சம் தெரியாவிட்டாலும் நோட்டு தளர்வாக இருக்கலாம், அதனால் நோட்டுச் சோதனைதான் முதன்மையானது.

இப்போது தளர்ந்த இடத்தில் ஒரு விஷயம் பாருங்கள். நோட்டை வைத்து மூடி, அந்த இடத்துக்கு நேரே கதவை வெளியிலிருந்து உள்ளங்கையால் அழுத்துங்கள். அழுத்தும்போது நோட்டு இறுகினால் கேஸ்கட் அதுவரை எட்டவில்லை: கதவு முறுக்கியிருக்கலாம், கீல் இறங்கியிருக்கலாம், அல்லது கேஸ்கட் மடிப்பு அமுங்கிப் போயிருக்கலாம். அழுத்தியும் வழுக்கினால் அந்த இடத்தில் கேஸ்கட் விறைத்தோ கிழிந்தோ போயிருக்கிறது, இல்லாவிட்டால் எதிர்ச்சட்டம் மேடுபள்ளமாக இருக்கிறது. எது என்பதை அறிய, ஆணி முனை போன்ற கூர்மையான எதுவும் வேண்டாம், விரல் நுனியால் சட்டத்தைத் தடவினாலே போதும். பெயின்ட் கொப்புளம் கண்ணுக்குத் தெரியும் முன் விரலுக்குத் தெரியும்.

மாற்றாமலேயே தீருகிற சில நிலைகள்

அழுக்கு முதல் எதிரி. மடிப்புக்குள் சிந்திய பால், மீன் தண்ணீர், ஜூஸ் எல்லாம் காய்ந்து கெட்டியாகிவிடும். வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, பழைய டூத்பிரஷால் மடிப்பை விரித்து விரித்துத் தேய்த்து, துணியால் ஈரம் போகத் துடையுங்கள். சட்டத்தையும் அப்படியே துடையுங்கள். கருப்பாகப் பூசணம் பிடித்திருந்தாலும் முதலில் இதுதான். பினாயில், பெட்ரோல், தின்னர் எதுவும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் தடவினால் மென்மையாகும் என்று சொல்வார்கள். அன்றைக்குப் பளபளப்பாகத்தான் இருக்கும், ஆனால் எண்ணெய் பட்டால் பிவிசியை மென்மையாக வைத்திருக்கும் சேர்மங்கள் வெளியேறி அது நாளடைவில் விறைக்கும், தூசியும் ஒட்டும்.

மடிப்பு ஒரு பக்கம் சுருண்டு நின்றால் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்து, விரலால் நீவிவிடுங்கள். மென்மையானதும் கதவை மூடி, டேப் போட்டு இரவு முழுக்க அப்படியே விடுங்கள். கிழிசல் இல்லாத, இன்னும் வளையக்கூடிய கேஸ்கட் பெரும்பாலும் இதற்குக் கட்டுப்படும். கிழிசல் இருந்தாலோ, விரலால் அமுக்கினால் திரும்பி எழாமல் அப்படியே கிடந்தாலோ மாற்றுவதுதான் வழி. ஃபெவிகுவிக் போட்டு ஒட்டிய இடம் கல்லாக இறுகி, அதன் இருபுறமும் புதிதாகக் கசியும்.

முத்தியால்பேட்டையில் ஒரு பிரிட்ஜ்

எப்படி இவையெல்லாம் சேர்ந்து வரும் என்பதற்கு என் சித்தி வீட்டுப் பிரிட்ஜையே எடுத்துக்கொள்கிறேன். ஒற்றைக் கதவு, டைரக்ட் கூல், சாதாரண கம்ப்ரசர். வாடகை வீடு, சமையலறை ஜன்னலைத் திறந்தால் கடற்காற்று நேராக வரும். சித்தி போனில் சொன்னது இதுதான்: "ராத்திரி எழுந்து பார்த்தாலும் ஓடிக்கிட்டேதான் இருக்குப்பா. காய்கறி டப்பாவுல தண்ணி தேங்குது. மெக்கானிக் வந்து கேஸ் நிரப்பணும்னு சொல்லிட்டுப் போயிருக்காரு."

ஐஸ் கட்டி இறுகுகிறதா என்று கேட்டேன். "அதெல்லாம் கல்லு மாதிரி இருக்கு." அப்படியானால் கேஸ் இருக்கட்டும், முதலில் கதவைப் பார்ப்போம் என்று போனேன்.

நோட்டுச் சோதனையில் மேல்பக்கம், கைப்பிடிப் பக்கம் இரண்டும் நன்றாகப் பிடித்தன. கீல் பக்கம் கீழ்மூலையிலும், அங்கிருந்து அடிப்பக்கத்தில் பாதி தூரத்துக்கும் நோட்டு தானாக விழுந்தது. உள்ளங்கையால் அழுத்தியும் மாற்றமில்லை. கதவைத் திறந்து பார்த்தால் அந்த மூலையில் கேஸ்கட்டின் இணைப்பு கிழிந்திருந்தது. கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கீல் பக்கத்து மூலை மடிந்து உரசும், அதனால் அங்கே கிழிவது வழக்கம்தான். ஆனால் கிழிசல் இரண்டு விரல் அகலம், கசிவு அதைவிடப் பல மடங்கு நீளம். மீதிக்குக் காரணம் எதிரே இருந்தது. கீழ்ச்சட்டத்தில் பெயின்ட் கொப்புளித்து, தொட்டால் உதிர்ந்தது, அடியில் செந்துரு. கிழிந்த மூலையில் கசிந்த குளிர் சட்டத்தை வேர்க்க வைத்தது, உப்புக்காற்றும் அந்த ஈரமும் சேர்ந்து துருவை வளர்த்தன, துரு மேடானதும் கேஸ்கட் இன்னும் விலகியது. இந்தச் சங்கிலியில் கேஸ்கட்டை மட்டும் மாற்றினால் பாதி வேலை.

பொருட்களைப் பக்கத்து வீட்டுப் பிரிட்ஜில் ஓர் இரவுக்கு வைத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, சட்டம் நன்றாக உலரும்வரை விட்டோம். பிறகு உப்புத்தாளால் துருவை எடுத்தோம், முதலில் சற்றுக் கரடு, பிறகு மென்மையான தாள். உளி, கம்பி பிரஷ், டிரில் எதையும் சட்டத்தின்மேல் வைக்கக் கூடாது. முன்பு சொன்ன குழாய் சட்டத்துக்குப் பின்னால்தான் ஓடுகிறது. அதில் ஓட்டை விழுந்தால் இல்லாத கேஸ் பிரச்சினை உண்மையாகவே வந்துவிடும். தூசியைத் துடைத்து, ரெட் ஆக்சைடு பிரைமர் மெல்லியதாக ஒரு கோட்டு, அது காய்ந்தபின் எனாமல் மெல்லியதாக ஒரு கோட்டு. ஜன்னலைத் திறந்து வைத்தே இதைச் செய்ய வேண்டும், அடுப்பு எரியக் கூடாது. பள்ளத்தை நிரப்ப லப்பம் தடவும் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். காந்தத்துக்கும் இரும்புக்கும் நடுவே பருமனான அடுக்கு வந்தால் பிடிப்பு குறைந்துவிடும். பெயின்ட் மெல்லியதாக இருக்கும்வரை அதனால் கெடுதல் இல்லை.

காயவிடுவதில் அவசரப்படக் கூடாது. காயாத பெயின்ட்டில் கேஸ்கட் ஒட்டிக்கொண்டால் அடுத்த முறை திறக்கும்போது பெயின்ட் உரிந்து வரும். காய்ந்த பிறகும் முதல் சில நாட்களுக்குச் சட்டத்தில் முகப் பவுடரை லேசாகத் தடவி வைப்பது நல்லது.

துரு இரும்பைத் தின்று ஓட்டையே விழுந்திருந்தால் கதை வேறு. அதற்குள் ஈரம் போய், சுவருக்குள் இருக்கும் ஃபோம் நனைந்திருக்கும். அந்த நிலையில் பிரிட்ஜுக்குப் புது கேஸ்கட் வாங்கும் செலவு வீண் என்பது என் கருத்து.

அளவெடுப்பதும் வாங்குவதும்

உள்பக்கச் சுவரிலோ பின்புறத்திலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மாடல் எண் இருக்கும். அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது மட்டும் போதாது. கேஸ்கட்டை விரித்துப் பார்த்தால் அது கதவில் எப்படி நிற்கிறது என்று தெரியும். இப்போதைய பிரிட்ஜ்களில் பெரும்பாலும் கதவில் ஓர் ஒடுங்கிய பள்ளம் இருக்கும், கேஸ்கட்டின் பின்புறத்து அம்புமுனை அதில் அழுந்தி நிற்கும். இந்த வகைக்குப் பள்ளத்தின் நடுவிலிருந்து எதிர்ப்பள்ளத்தின் நடுவரை நீளமும் அகலமும் அளக்க வேண்டும். பழைய பிரிட்ஜ்களில் கதவின் உள் பிளாஸ்டிக்கைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களே கேஸ்கட்டையும் பிடித்திருக்கும். அதற்கு வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை அளவு.

சித்தி வீட்டில் பள்ளம் வகை. நடுவிலிருந்து நடு 101 சென்டிமீட்டர் உயரம், 50 சென்டிமீட்டர் அகலம். கதவு ரப்பரை அளவுக்கு வெட்டி மூலைகளைச் சூட்டில் ஒட்டித் தருபவர்களும் உண்டு. அவர்களிடம் போவதானால், பழைய கேஸ்கட்டிலிருந்து விரல் நீளத் துண்டு ஒன்றை வெட்டி எடுத்துப் போங்கள். வெட்டுமுகத்தைப் பார்த்தால்தான் அம்புமுனையின் தடிமனும் மடிப்பின் உயரமும் பொருந்துகிறதா என்று தெரியும். அளவு சரியாக இருந்து வெட்டுமுகம் மாறிப்போனால் பள்ளத்தில் நிற்காது, நின்றாலும் சட்டத்தை எட்டாது. வாங்கும்போதே நான்கு மூலைகளின் இணைப்பையும் லேசாக இழுத்துப் பாருங்கள். அளவில் சந்தேகம் வந்தால் இழுத்து மாட்டிவிடலாம் என்று சிறியதை வாங்க வேண்டாம், இழுபட்ட கேஸ்கட் மூலைகளில் தூக்கி நிற்கும்.

மாட்டுவது

புது கேஸ்கட் மடித்துக் கட்டி வந்திருக்கும், அந்த மடிப்புத் தடம் போகாமல் மாட்டினால் அங்கேயே கசியும். கை பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, தட்டையான தரையில் விரித்து நீவிவிடுங்கள். மொட்டைமாடி வெயிலில் கொஞ்ச நேரம் விரித்துப் போட்டாலும் சரிதான். கொதிநீர் வேண்டாம்.

பழையதைக் கீழ்மூலையிலிருந்து பிடித்து இழுத்தால் பள்ளத்தை விட்டு வந்துவிடும். அம்புமுனை ஒடிந்து உள்ளே தங்கியிருந்தால் மரக்குச்சியால் தள்ளி எடுங்கள். பள்ளத்தை டூத்பிரஷால் சுத்தம் செய்து ஈரம் இல்லாமல் துடையுங்கள். அப்புறம் புதியதன் நான்கு மூலைகளையும் முதலில் பள்ளத்தில் அழுத்துங்கள். அடுத்து ஒவ்வொரு பக்கத்தின் நடுப்பகுதி. அதன்பின் மூலையிலிருந்து நடுவை நோக்கிக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரு மூலையில் தொடங்கிச் சுற்றி வந்தால் கடைசியில் மிச்ச நீளம் ஒரே இடத்தில் பொங்கி நிற்கும், அதைத் தவிர்க்கத்தான் இந்த வரிசை. சரியாக இறங்கும் இடத்தில் டக் என்று ஒரு சின்ன அழுத்தம் விரலுக்குத் தெரியும். விரல் வலித்தால் மரக்கரண்டியின் பின்புறத்தைப் பயன்படுத்துங்கள். ஸ்க்ரூடிரைவரோ கத்தியோ பட்டால் புது ரப்பரில் கீறல் விழும்.

ஸ்க்ரூ வகையில் எல்லா ஸ்க்ரூக்களையும் கழற்றக் கூடாது, கழற்றினால் கதவின் உள் பிளாஸ்டிக் தொங்கிக் கதவே முறுக்கிக்கொள்ளும். மேல்பக்கத்தில் தொடங்கி, பட்டை நழுவும் அளவுக்கு மட்டும் தளர்த்தி, பழையதை உருவி, புதியதைச் செருகி, கொஞ்சமாக இறுக்கிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டும். முழுவதும் இறுக்கும் முன் கதவை மூடி நோட்டை வைத்துப் பாருங்கள். ஒரு மூலை எட்டவில்லை என்றால் ஸ்க்ரூக்கள் தளர்வாக இருக்கும் இந்த நேரத்தில் கதவை எதிர்ப்புறம் லேசாக முறுக்கி, அந்த நிலையிலேயே இறுக்கலாம். கடைசி இறுக்கத்தில் பலம் காட்டினால் பிளாஸ்டிக் விரிசல் விடும்.

மாட்டிய பிறகு

முதல் நாளே நோட்டு எல்லா இடத்திலும் இறுகப் பிடிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். புது கேஸ்கட் சட்டத்துக்குப் பழக ஓரிரு நாள் ஆகும். கீல் பக்கத்தில் கதவை மூடும்போது புதியது உரசி உள்பக்கமாகச் சுருள்வது உண்டு. அந்தப் பக்கம் முழுக்க முகப் பவுடரை விரலால் தடவிவிட்டால் வழுக்கிக்கொண்டு உட்காரும். ஒரு மூலை மட்டும் பிடிவாதமாகத் தூக்கி நின்றால் ஹேர் டிரையரில் சூடாக்கி, விரலால் வெளியே இழுத்துவிட்டு, கதவை மூடி இரவு முழுக்க டேப் போட்டு வையுங்கள்.

ஃப்ராஸ்ட் ஃப்ரீ பிரிட்ஜில் நல்ல பிடிப்புக்கு ஓர் எளிய அடையாளம் இருக்கிறது. ஃப்ரீசர் கதவைச் சில நொடிகள் திறந்து வைத்து மூடுங்கள். மூடிய உடனே மறுபடி திறக்கப் பார்த்தால் கதவு வழக்கத்தைவிட அதிகமாக இழுத்துப் பிடிக்கும். உள்ளே புகுந்த சூடான காற்று குளிர்ந்து சுருங்குவதால் வரும் இழுப்பு அது. கசியும் கதவில் இந்த இழுப்பு வராது.

ஒரு நாள் கழித்து வெப்பநிலையையும் பார்த்துவிடுங்கள். ஒரு தம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் இரவு முழுக்க வைத்தால், காலையில் 3 முதல் 5 டிகிரிக்குள் இருக்க வேண்டும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு ஆகாது, அறை வெப்பநிலை காட்டும் வகை வேண்டும். கசிந்த காலத்தில் குளிர் போதாமல் குமிழைக் கூட்டி வைத்திருப்பீர்கள். அதை அப்படியே விட்டால் கீரையும் தக்காளியும் உறையத் தொடங்கும். சித்தி வீட்டில் நடந்ததும் அதுதான், குமிழை நடுவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் மோட்டார் ஓடி, நின்று, ஓடி என்று பழைய தாளத்துக்கு வந்தது.

இவ்வளவும் செய்து, நோட்டு சுற்றிலும் இறுகப் பிடித்து, அப்படியும் மோட்டார் நிற்கவில்லை என்றால் கதவு இனி காரணமில்லை. தெர்மோஸ்டாட், பின்புறக் கண்டென்சரில் அடைந்த தூசி, சுவரை ஒட்டி நிற்பதால் வெளியேறாத சூடு, கடைசியாகக் கேஸ் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். மெக்கானிக்கை அழைக்கும்போது கதவைச் சோதித்த விவரத்தையும் ஐஸ் இறுகுகிறதா என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டால் அவர் நேராக அந்த இடத்திலிருந்தே தொடங்குவார்.